லினன் ஏன் கசங்குகிறது, பழகப் பழக ஏன் மெத்தென்று ஆகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினன் துணி வெட்டிக் கொடுக்கிற கடையில் பல வருடமாக நிற்கிறேன். வாங்குகிறவர்கள் கேட்பதும், வாங்கிப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பி வந்து கேட்பதும் பெரும்பாலும் இந்தக் கேள்விகள்தான்.

இஸ்திரி போட்டுக் கிளம்பி அரை மணி நேரம் காரில் உட்கார்ந்தேன். இறங்கிப் பார்த்தால் முதுகெல்லாம் கசங்கல். எனக்குக் கொடுத்தது மட்டமான துணியா?

இல்லை. நல்ல லினன்தான் அப்படிக் கசங்கும். காரணம் நூலிலேயே இருக்கிறது.

ஆளிவிதை தெரியும் இல்லையா, அந்த ஆளிச் செடியின் தண்டிலிருந்து உரித்தெடுக்கும் நாரில் நெய்வதுதான் லினன். செடி ஒரு மீட்டர் உயரம் வரும், தண்டோ ஈர்க்குச்சிபோல ஒல்லி. காற்றில் அது ஒடியாமல் நிற்பதற்குத் தண்டைச் சுற்றி ஓடும் இந்த நார்தான் முட்டுக்கொடுக்கிறது. அதனால் நார் விறைப்பாகவும் நேராகவும் அமைந்துவிட்டது. பருத்தி வேறு வகை. அது விதையின் மேல் முளைக்கும் முடி, எதையும் தாங்கிப் பிடிக்க வேண்டிய வேலை அதற்கு இல்லை. பருத்தி இழைக்குள் செல்லுலோஸ் சரடுகள் சுருள்வில் மாதிரிச் சுற்றிப் போகும். ஆளி நாரில் அவை கிட்டத்தட்ட நேர்க்கோடாகவே போகும்.

சுருள்வில்லை இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். நேர்க்கம்பி நீளாது. ஆளி நார் அறுந்துபோவதற்கு முன் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் நீளும். பருத்தி ஏழெட்டுப் பங்கு நீளும், கம்பளி முப்பதுக்குப் பக்கத்தில் போகும். ஒரு துணியை மடிக்கும்போது மடிப்பின் வெளிப்பக்கம் நீண்டாக வேண்டும், உள்பக்கம் நசுங்கியாக வேண்டும். லினனுக்கு நீளும் இடமே கொஞ்சம்தான் என்பதால் சீக்கிரம் எல்லையைத் தாண்டிவிடுகிறது. தாண்டியபின் தானாகத் திரும்பி வரும் வலு அதற்குக் கிடையாது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால் ஆளி நாரில் மூங்கில் கணுபோலக் குறுக்குக் கோடுகள் தெரியும். நார் நசுங்கி மடங்கிய தடங்கள் அவை.

வீட்டில் மாட்டி வைத்தால் ஒன்றும் ஆகவில்லை. உட்கார்ந்து எழுந்தால் மட்டும் ஏன் இப்படி?

அது ஈரத்தின் வேலை. செல்லுலோஸ் சரடுகளை ஒன்றோடொன்று பிடித்து வைத்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தண்ணீர் உள்ளே போனால் அந்தப் பிடி விட்டுவிடும். தண்ணீர் போனபின் சரடுகள் எந்த நிலையில் இருக்கின்றனவோ அந்த நிலையிலேயே மறுபடி பிடித்துக்கொள்ளும். லினன் காற்றிலிருந்து ஈரத்தைப் பருத்தியைவிட அதிகமாகவே உறிஞ்சும். சீட்டில் சாய்ந்திருக்கும்போது முதுகில் வியர்வை, உடம்புச் சூடு, மேலே உங்கள் எடை என்று மூன்றும் சேர்கின்றன. பிடி தளர்ந்த நார் கசங்கின நிலைக்கு நகர்ந்துவிடுகிறது. நீங்கள் இறங்கிக் காற்று பட்டதும் ஐந்து நிமிடத்தில் காய்ந்து, கசங்கல் அங்கேயே உறைந்துவிடுகிறது.

இஸ்திரியும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. ஈரம், சூடு, எடை மூன்றும் அங்கேயும் உண்டு. தட்டையாக இருக்கும்போது காயவிடுகிறோம், அவ்வளவுதான்.

இதிலிருந்து ஒரு விஷயம் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்திரி போட்ட சூட்டோடு சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பாதீர்கள். கைக்குக் காய்ந்த மாதிரித் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், பிடி இன்னும் இறுகியிருக்காது. பத்துப் பதினைந்து நிமிடம் ஹேங்கரில் தொங்கவிட்டு, நன்றாக ஆறியபின் போடுங்கள். முதல் கேள்வி கேட்டவரிடம் விசாரித்தபோது, குளித்துவிட்டு வந்து இஸ்திரி போட்டு அப்படியே போட்டுக்கொண்டு காரில் ஏறியதாகச் சொன்னார். பாதிக் கசங்கல் அங்கேயே வந்துவிட்டது.

கடையில் பேப்பர் மாதிரி மொடமொடவென்று இருந்த துணி, ஒரு வருடத்தில் எப்படி இவ்வளவு மெத்தென்று ஆனது? தேய்ந்துபோகிறதா?

கொஞ்சம் தேய்மானமும் உண்டுதான், ஆனால் பெரும்பகுதி அதனால் வருவதில்லை. நார்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிவதால் வருகிறது.

ஆளி நார் என்று நாம் சொல்வது தனி இழை கிடையாது. சில சென்டிமீட்டர் நீளமுள்ள பல நுண்ணிழைகள் பசைபோட்டு ஒட்டியதுபோலக் கட்டாக இருக்கும். அந்தப் பசையின் பெயர் பெக்டின். கொய்யா ஜெல்லியைக் கெட்டியாக்குவதும் அதுதான். வேரோடு பிடுங்கிய ஆளிச் செடியைப் பிரான்சின் நார்மண்டி பக்கம் வாரக்கணக்கில் வயலிலேயே பரப்பிப் போடுவார்கள். பனியும் மழையும் பட்டுப் பூஞ்சையும் நுண்ணுயிரும் அந்தப் பசையைத் தின்னும், அப்புறம்தான் நார் தண்டிலிருந்து கழன்று வரும். கயிறு திரிக்கத் தேங்காய் மட்டையைத் தண்ணீரில் ஊறப்போடுகிறோமே, அதே தத்துவம். ஆனால் எல்லாப் பசையையும் போக்கிவிட்டால் நார் குட்டை இழைகளாகப் பிரிந்து வலுவிழந்துவிடும். அதனால் பாதியில் நிறுத்துகிறார்கள். மிச்சப் பசையோடுதான் துணி உங்கள் கைக்கு வருகிறது.

இப்போது தென்னந்துடைப்பத்தை நினைத்துப் பாருங்கள். 20 ஈர்க்குச்சிகளைச் சும்மா சேர்த்துப் பிடித்து வளைத்தால் சுலபமாக வளையும். ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு நழுவி வழிவிடும். அதே 20 குச்சிகளையும் வஜ்ஜிரம் போட்டு ஒட்டிவிட்டால் ஒரே கம்பாகிவிடும், வளைக்கக் கிட்டத்தட்ட 20 மடங்கு பலம் வேண்டும். புது லினன் வஜ்ஜிரம் போட்ட கட்டு. ஒவ்வொரு சலவையிலும் சோப்பும் தண்ணீரும் அந்தப் பசையைக் கொஞ்சம் கரைக்கின்றன. அலசும்போதும் உடுத்தும்போதும் வளைந்து வளைந்து ஒட்டு விடுகிறது. கட்டு பிரிந்து இழைகள் தனித்தனியாக நழுவ ஆரம்பித்ததும் துணி மெத்தென்று ஆகிறது. கடைக்கு வரும்முன் துணியில் ஏற்றிய கஞ்சியும் பினிஷிங்கும் முதல் இரண்டு மூன்று சலவையில் போய்விடும். அதனால்தான் ஆரம்பத்தில் மாற்றம் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் தெரிகிறது.

அப்படியானால் மெத்தென்று ஆனபின் கசங்குவது நின்றுவிடுமா?

நிற்காது. நார் அதே நார்தான், அதற்கு நீளும் சக்தி புதிதாக வந்துவிடாது. கசங்கலின் தோற்றம் மாறும், அதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது.

என்னிடம் ஆறு வருடமாக ஒரு வெள்ளைச் சட்டை இருக்கிறது. தைத்த புதிதில் ஒரு மணி நேரம் வண்டி ஓட்டிவிட்டு வந்தால் முழங்கையின் உள்மடிப்பில் நாலைந்து கூரான கோடுகள் விழும். காகிதத்தை மடித்து நகத்தால் தேய்த்தால் வருமே, அப்படி. ராத்திரி முழுக்க மாட்டி வைத்தாலும் அந்தக் கோடு காலையில் அப்படியே நிற்கும். இப்போதும் அதே இடத்தில்தான் மடிகிறது. ஆனால் கோட்டுக்குப் பதில் உருண்டையான அலைபோல விழுகிறது. கையால் நாலு தடவை நீவிவிட்டு, வெந்நீரில் குளித்து முடித்த குளியலறையில் கால் மணி நேரம் மாட்டினால் பெரும்பகுதி இறங்கிவிடுகிறது. ஒட்டிய கட்டு மடிந்தால் ஒரே கோட்டில் முறியும். பிரிந்த இழைகள் மடிந்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் தள்ளி வளையும். கண்ணுக்குப் பழைய லினன் கசங்கல் உறுத்தாமல் போவதற்கு அதுதான் காரணம்.

எகிப்தின் தர்க்கான் என்ற ஊரின் கல்லறையிலிருந்து 1913இல் தொல்லியல் ஆய்வாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி ஒரு மூட்டை அழுக்குத் துணியைத் தோண்டி எடுத்தார். 1977இல் அதைச் சுத்தம் செய்யப் பிரித்தபோது உள்ளே சிறு மடிப்புகள் வைத்துத் தைத்த ஒரு லினன் உடுப்பு இருந்தது. கார்பன் சோதனையில் அதன் வயது கி.மு. 3482க்கும் 3102க்கும் இடைப்பட்டது என்று தெரிந்தது. இப்போது லண்டனில் பெட்ரி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் முழங்கையிலும் அக்குளிலும் கசங்கல்கள் இன்னும் அப்படியே இருக்கின்றன. யாரோ உண்மையிலேயே உடுத்திய துணி என்று ஆய்வாளர்கள் கண்டுகொண்டதே அந்தக் கசங்கலை வைத்துத்தான். 5,000 வருடத்துக்கு முன் ஒருவர் கையை மடக்கிய இடம் அது! முதல் தடவை அதன் படத்தைப் பார்த்தபோது என் சட்டையின் முழங்கையைத்தான் பார்த்துக்கொண்டேன்.

சீக்கிரம் மென்மையாக்க வழி உண்டா? கம்ஃபர்ட் மாதிரி ஏதாவது போடலாமா?

அந்த வகைத் திரவங்கள் வேண்டாம். அவை நாரின் மேல் கொழுப்புப் பூச்சுபோலப் படிந்து வழவழப்பைக் கொடுக்கும், கட்டைப் பிரிக்காது. பூச்சு படிந்த துணி தண்ணீர் உறிஞ்சுவதும் குறையும். வியர்வை இழுக்கத்தானே லினன் வாங்கினீர்கள். ப்ளீச்சும் வேண்டாம். அது பசையோடு சேர்த்து நாரையும் தின்னும்.

வழி ஒன்றுதான், துவைத்து உடுத்துவது. மாதம் ஒரு முறை போட்டு அலமாரியில் வைக்கிற சட்டை வருடக்கணக்கில் விறைப்பாகவே இருக்கும். வாரம் ஒரு முறை போட்டால் பத்துப் பதினைந்து சலவையில் நல்ல வித்தியாசம் தெரியும். காத்திருக்க முடியாது என்றால், முன்கூட்டியே துவைத்து மென்மையாக்கிய லினன் கிடைக்கிறது. ஆலையிலேயே என்சைமோ கல்லோ போட்டு அலசியிருப்பார்கள். உடம்புக்கு முதல் நாளே இதமாக இருக்கும். ஆனால் அதன் ஆயுளில் ஒரு பங்கை ஆலையிலேயே செலவழித்துவிட்டுத்தான் உங்களிடம் தருகிறார்கள்.

எப்படித் துவைப்பது? டிரை கிளீனிங்தான் கொடுக்க வேண்டுமா?

தேவையில்லை. ஈரத்தில் வலு கூடும் நார் இது, தண்ணீருக்குப் பயப்படவே வேண்டாம். கோட்டு மாதிரி உள்ளே லைனிங் வைத்துத் தைத்ததை மட்டும் வெளியே கொடுங்கள்.

நான் செய்வது இது. சாதாரணத் தண்ணீரில் திரவ சோப்புக் கலந்து இருபது நிமிடம் ஊறவைப்பேன். மெஷினில் பாதிக்கு மேல் துணி திணிக்கமாட்டேன். நெருக்கி அடைத்தால் ஈரத்திலேயே ஆயிரம் மடிப்பு விழும். ஸ்பின் வேகம் 400 அல்லது 600க்கு மேல் வைப்பதில்லை. மெஷின் நின்றதும் உடனே எடுத்துவிட வேண்டும், இதுதான் முக்கியம். ஒரு மணி நேரம் உள்ளேயே சுருண்டு கிடந்தால் அந்தச் சுருள் அப்படியே இறுகிவிடும். கையால் துவைப்பவர்கள் முறுக்கிப் பிழியாதீர்கள். அப்படியே தொங்கவிட்டுத் தண்ணீர் வடிய விடுங்கள், அந்தத் தண்ணீரின் கனமே பாதி இஸ்திரி.

எடுத்தவுடன் தோள்பட்டையைப் பிடித்து இரண்டு மூன்று தடவை பலமாக உதறுங்கள். ஹேங்கரில் மாட்டி, பட்டன் பட்டையையும் காலரையும் தையல் ஓரங்களையும் விரலால் இழுத்துவிடுங்கள். தையல் நூல் சுருங்கி இழுக்கும் இடத்தில்தான் சுருக்கம் அதிகம் நிற்கும். நிழலில் காயட்டும். நான் பெரும்பாலான நாட்களில் இதோடு நிறுத்திக்கொள்கிறேன். பழகிய லினன் என்றால் இது போதும்.

இஸ்திரிக்காரர் எவ்வளவு அழுத்தினாலும் சுருக்கம் போகவில்லை என்கிறார்.

எலும்பாகக் காய்ந்த துணியைக் கொடுத்திருப்பீர்கள். காய்ந்த லினனை எவ்வளவு அழுத்தினாலும் பிடி தளராது. துணியைத் தொட்டால் ஜில்லென்று இருக்கும் பதம் ஒன்று உண்டு, அதாவது முக்கால் காய்ச்சல். அந்தப் பதத்தில் எடுத்துத் தேய்க்க வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீர் தெளித்துச் சுருட்டி, ஒரு கவருக்குள் அரை மணி நேரம் வையுங்கள். ஈரம் ஒரே சீராகப் பரவிவிடும். தெளித்த உடனே தேய்த்தால் சொட்டு விழுந்த இடம் ஈரமாகவும் பக்கத்து இடம் காய்ந்தும் இருக்கும், வேலை நடக்காது. பெட்டியின் அதிகபட்சச் சூட்டை லினன் தாங்கும். கரும் நிறங்களை உள்பக்கம் திருப்பித் தேய்க்கவில்லை என்றால் பளபளவென்று திட்டு விழும்.

அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: கையில் மடிப்புக்கோடு வேண்டாம்.

ஏன், கோடு வைத்தால் எடுப்பாகத்தானே இருக்கும்?

எடுப்பாகத்தான் இருக்கும். ஆனால் லினன் கிழிவது அந்தக் கோட்டில்தான். இழுத்தால் தாங்கும் நார் இது, ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மடித்தால் ஒடியும். கம்பியை மடக்கி மடக்கி ஒடிப்பது மாதிரி. ஒரு வாடிக்கையாளர் கரும்பச்சை நிறச் சட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். உடம்புப் பகுதி புதுசாக இருந்தது. இரண்டு கையிலும் தோளிலிருந்து மணிக்கட்டு வரை ஒரு வெளுத்த கோடு. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தபோது கோடு நெடுக ஊசித்துளைகள். நாலு வருடம் வாரா வாரம் கஞ்சி போட்டு ஒரே இடத்தில் மடித்துத் தேய்த்திருக்கிறார்கள். துணி எங்கும் நைந்துபோகவில்லை, அந்த ஒரு கோட்டில் மட்டும் ஆயுள் முடிந்துவிட்டது.

வெளுத்த கோடு தெரிய ஆரம்பித்தால் அதுதான் எச்சரிக்கை. அன்றோடு அந்த மடிப்பை நிறுத்திவிடுங்கள்.

கஞ்சியும் இதனால்தான் வேண்டாம் என்கிறேன். பருத்தி வேட்டிக்குக் கஞ்சி அழகு. லினனுக்கு அது, சலவை கஷ்டப்பட்டுக் கரைத்த பசையைத் திரும்ப ஊற்றுவது. இழைகள் மறுபடி கம்பாக ஒட்டிக்கொள்ளும். மடிப்பு கூராகும், ஒடிவது சீக்கிரமாகும்.

லினன் புடவையை எப்படி வைப்பது?

பட்டுப்புடவையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மடிப்பு மாற்றி வைப்பீர்களே, அதே கவனம் இதற்கும் வேண்டும். முடிந்தால் மடிக்காமல் குழாயில் சுருட்டி வையுங்கள். ஜரிகை இருந்தால் மேலே ஒரு பருத்தித் துணி போட்டுத் தேய்க்கவும்.

கசங்காத லினன் என்று விற்கிறார்களே, அது நிஜமா?

இரண்டு வகை உண்டு. ஒன்று பாலியெஸ்டர் கலந்தது. கையில் ஒரு மூலையைப் பத்து விநாடி இறுக்கிக் கசக்கி விடுங்கள். உடனே விரிந்துகொண்டால் அதில் லினன் குறைவு. இன்னொன்று, உண்மையான லினனில் ரெசின் ஏற்றியது. செல்லுலோஸ் சரடுகள் நழுவாதபடி அந்த ரெசின் குறுக்கே பூட்டுப் போடுகிறது. கசங்கல் குறையும். ஆனால் பூட்டுப் போட்ட நார் இன்னும் விறைப்பாகி, உரசலில் சீக்கிரம் ஒடியும். பழகப் பழக மெத்தென்று ஆவதும் அதில் அந்த அளவுக்கு நடக்காது.

தினமும் அலுவலகத்துக்குக் கண்டிப்பாக விறைப்பாகப் போயாக வேண்டும் என்றால், பாதிக்குப் பாதி பருத்தி கலந்ததை வாங்குங்கள் என்று நானே சொல்வேன். பேண்டுக்கும் கலப்புதான் நல்லது. சுத்த லினன் பேண்டில் முழங்கால் புடைத்துக்கொண்டு நிற்கும்.

வாங்கும்போதும் தைக்கும்போதும் எதைப் பார்த்தால் கசங்கல் கம்மியாகத் தெரியும்?

கடையில் லீ என்று ஒரு எண் சொல்வார்கள், நூல் எவ்வளவு மெல்லியது என்பதைக் குறிப்பது. 60 லீ மெல்லிய சட்டைத்துணி, 40 லீ கொஞ்சம் கனம். கனமான துணியில் மடிப்பு பெரிதாகவும் குறைவாகவும் விழும். மெல்லியதில் பொடிப்பொடியாக நிறைய விழும். ஒரே சீரான வெளிர்நிறத்தில் ஒவ்வொரு நிழலும் தெரியும். இரண்டு நிற நூல் கலந்து நெய்ததில் கண் ஏமாந்துவிடும்.

தைக்கும்முன் துணியை ஒரு ராத்திரி நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். முதல் தண்ணீரில் நூற்றுக்கு நாலு பங்கு சுருங்கினால், 76 சென்டிமீட்டர் நீளச் சட்டையில் 3 சென்டிமீட்டர் போய்விடும். கையும் அக்குளும் பிடித்துக்கொள்ளும், பிடித்த இடமெல்லாம் கசங்கும். டெய்லரிடம் வழக்கமான அளவைவிட முழங்கைச் சுற்றிலும் உடம்பிலும் கொஞ்சம் தளர்வாக வைக்கச் சொல்லுங்கள். துணி உடம்பைத் தொடாமல் தொங்கினால் வியர்வை ஈரமும் அழுத்தமும் அதன்மேல் விழாது.

காலர் ஓரம் பிசிறிவிட்டது. தூக்கிப் போட வேண்டியதுதானா?

காலரைப் பிரித்துத் திருப்பிப் போட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கம் புதுசாகவே இருக்கும், இன்னும் இரண்டு வருடம் ஓடும். உடம்புப் பகுதியும் நைந்த பிறகு பட்டன்களைக் கழற்றிவிட்டுச் சதுரமாக வெட்டிச் சமையலறையில் வையுங்கள். நீள நார் என்பதால் பஞ்சு உதிராது. கண்ணாடித் தம்ளரும் மூக்குக்கண்ணாடியும் துடைக்க அதைவிட நல்ல துணி கிடையாது. என் வீட்டில் இருப்பது 2011இல் தைத்த ஒரு சட்டையின் முதுகுத் துண்டு.